சாவி திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும், செல்ஃப் சுற்றவில்லை

அண்ணே, வணக்கம். நம்ம வெள்ளை வண்டிதான், 2014 பெட்ரோல், மேனுவல் கியர், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட்டிங் தொந்தரவு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், உங்களுக்கும் வேலை நடுவே காது கொடுத்துக் கேட்க நேரம் இருக்காது. அதனால் பார்த்ததை எல்லாம் எழுதி அனுப்புகிறேன், சாயங்காலம் கை ஓய்ந்ததும் படியுங்கள். சத்தம் பதிவான வீடியோ ஒன்றும் கூடவே வருகிறது.

விஷயம் இதுதான். சாவியைத் திருப்பினால் முன்பக்கம் கீழேயிருந்து கனமாக ஒரே ஒரு ‘டக்’. அதோடு சரி. இன்ஜின் கொஞ்சம்கூட அசைவதில்லை. ‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து அடிக்கவில்லை, கிர்ரென்று பல் உரசும் சத்தமும் இல்லை. சாவியை விட்டுவிட்டுத் திரும்பத் திருப்பினால் மறுபடி அதே பலத்தில் ஒரு ‘டக்’. சில நேரம் மூன்றாவது நான்காவது தடவையில் எடுத்துக்கொள்கிறது. எடுக்கும்போது இழுத்து இழுத்துச் சுற்றுவதே கிடையாது. புது வண்டி மாதிரி முழு வேகத்தில் சுற்றி உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். எடுத்தால் முழுசாக எடுக்கிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இடைப்பட்ட நிலை எதுவும் நான் பார்க்கவில்லை.

சத்தம் எங்கே வருகிறது என்று பானெட்டைத் திறந்துவைத்து, தம்பியைச் சாவி திருப்பச் சொல்லிக் கேட்டேன். ஃப்யூஸ் பாக்ஸில் ரிலே மேல் விரலை வைத்தால் சின்னதாக ஒரு துடிப்பு தெரிகிறது. அதே நொடியில் கீழே செல்ஃப் இருக்கும் பக்கம் அந்தப் பெரிய ‘டக்’. ஆக ரிலே வேலை செய்கிறது, அது தாண்டி சொலினாய்டு வரை சப்ளை போகிறது, சொலினாய்டும் இழுக்கிறது. கிளட்சை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரிதான். டாஷ்போர்டில் சாவி லைட் எப்போதும்போல வந்து அணைந்துவிடுகிறது.

முதலில் வந்தது சித்திரையில், புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வரும்போது. கீரனூரில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் ‘டக்’. பக்கத்தில் டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்து திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அப்புறம் ஒரு மாதம் தொந்தரவே இல்லை. பிறகு வெயிலில் ஓட்டி நிறுத்தும்போதெல்லாம் வர ஆரம்பித்தது. இப்போது காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதும் எப்போதாவது வருகிறது. ஆனால் சூட்டில்தான் அதிகம், அதில் சந்தேகமே இல்லை.

பேட்டரிதான் போயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்று வழியில் பார்த்த ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபீஸில் யுபிஎஸ் வேலை பார்க்கும் தம்பி மீட்டரோடு வந்து அளந்து பார்த்தார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

பேட்டரி 35 ஆம்பியர், போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இரவெல்லாம் நின்றபின் காலையில் 12.6 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14.2, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டால் 13.9. ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது.

முக்கியமானது இனிமேல்தான். மீட்டர் முள்ளை வயர் கிளாம்பில் வைக்காமல், பேட்டரியின் ஈயத் தலையிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினோம். செல்ஃப் எடுத்த தடவைகளில் வோல்ட் 10.8 வரை இறங்கி, இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் 14க்கு ஏறியது. எடுக்காமல் ‘டக்’ என்றபோது 12.4க்குக் கீழே இறங்கவே இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரில் வெளிச்சத்தைப் பார்த்தாலும் இதே கதைதான்: எடுக்கும்போது மங்குகிறது, ‘டக்’ என்னும்போது அப்படியே நிற்கிறது. பேட்டரி வலுவில்லாமல் இருந்தால் வோல்ட் தடாலென விழ வேண்டும். மோட்டார் உள்ளே இறுகிப்போய்ச் சுற்ற முடியாமல் முட்டி நின்றாலும் கரண்ட்டை இழுத்து வோல்ட்டை விழவைக்கும். இரண்டும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் பெரிய கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்தது எர்த். எடுக்காத நேரத்தில் பேட்டரி நெகட்டிவ் தலைக்கும் இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் நடுவே அளந்தோம். 0.1 வோல்ட்கூட வரவில்லை. எர்த் வயர் விட்டிருந்தால் அங்கே பேட்டரி வோல்ட் ஏறக்குறைய முழுசாகக் காட்டியிருக்கும். பேட்டரி தலைக்கும் கிளாம்புக்கும் நடுவிலும் ஒன்றுமில்லை. பாசிட்டிவ் கிளாம்பில் கொஞ்சம் வெள்ளைப் பூப்பு இருந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, துடைத்து இறுக்கியும் மாற்றமில்லை. பக்கத்து வீட்டு வண்டியை ஓடவிட்டு, தடிமனான ஜம்பர் வயர் போட்டும் பார்த்துவிட்டோம். அப்போதும் ‘டக்’ மட்டும்தான்.

மூன்றாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டும் பார்த்தேன், பென்டிக்ஸ் பல் ரிங் கியரில் மாட்டிக்கொண்டதோ என்று. ஆட்டியதால் விடுபட்ட மாதிரி தெரியவில்லை. தள்ளி இரண்டாவது கியரில் விட்டால் நான்கடி போவதற்குள் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆக இன்ஜின் இறுகவில்லை, பெட்ரோல், ஸ்பார்க் எதிலும் குறை இல்லை.

செல்ஃபைத் தட்டிப் பார்த்தீர்களா என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். போன வாரம் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுவிட்டபோது லாரி டிரைவர் ஒருவர் வீல் ஸ்பேனரை விட்டு செல்ஃப் பாடியில் லேசாகத் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே நான் சாவியைத் திருப்ப, உடனே எடுத்தது. அதற்கப்புறம் நானாகத் தட்டவில்லை. காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் தட்டித் தட்டியே காந்தம் விரிசல் விட்டுவிடும் என்பார்கள். சாவியை நீண்ட நேரம் திருப்பிப் பிடிப்பதும் இல்லை.

இனி பாக்கி இருப்பது செல்ஃபில் வந்து சேரும் தடிமனான பாசிட்டிவ் வயரும் செல்ஃபின் உள்பக்கமும்தான். எங்களால் அளக்க முடியாமல்போன இடமும் அதுவே. மேனிஃபோல்டுக்குக் கீழே கை போகவில்லை, மீட்டர் முள் எட்டவில்லை. பேட்டரி பாசிட்டிவ் தலைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே ‘டக்’ என்னும் நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று நீங்கள் லிஃப்டில் ஏற்றி அளந்துவிட்டால் வயரா, செல்ஃபா என்று தெரிந்துவிடும். அங்கே வோல்ட் நின்றால் வயர் அல்லது அதன் நட்டு. நிற்கவில்லை என்றால் சொலினாய்டுக்கு உள்ளே இருக்கும் செம்பு கான்டாக்ட் கருகியிருக்கலாம், இல்லையேல் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தம் ஒவ்வொரு தடவையும் அதே பலத்தில் வருவதைப் பார்த்தால் எனக்கு கான்டாக்ட் மேல்தான் சந்தேகம் அதிகம். முடிவு உங்களுடையது.

இரண்டு பழைய விவரங்கள் உங்களுக்கு உதவலாம். போன வருடம் வெளியூரில் இருந்தபோது கிளட்ச் பிளேட் வேறொரு இடத்தில் மாற்றினோம். அதற்காக கியர்பாக்ஸை இறக்கினார்கள், செல்ஃபும் கழற்றி மாட்டப்பட்டது. அந்த வேலைக்கும் இதற்கும் நடுவே பல மாதம் வண்டி நன்றாகவே ஓடியது, ஆகவே அதன்மேல் பழி போட மாட்டேன். ஆனாலும் செல்ஃபின் பெரிய வயர் நட்டு இறுக்கமாக இருக்கிறதா, வயர் நுனி சூட்டில் கறுத்திருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, டேப்பட் கவர் பேக்கிங் ஓரத்தில் எண்ணெய் கசிந்து செல்ஃப் இருக்கும் பக்கமாக வழிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது செல்ஃப் பாடியே ஈரமாக, மண் ஒட்டிக் கறுப்பாக இருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தால் பிரஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்த பேக்கிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். வந்ததும் ஆறவிடாமல், சூடாக இருக்கும்போதே பாருங்கள். ஒரு மணி நேரம் உங்கள் ஷெட் நிழலில் நின்றுவிட்டால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகி, எந்தக் குறையும் இல்லாத மாதிரி நிற்கும். அப்போது அளந்தால் எல்லாமே சரியாகத்தான் காட்டும். அளக்கும்போது எடுத்துவிட்டால் அதைக் கணக்கில் வைக்காதீர்கள், எடுக்காத நேரத்து அளவுதான் வேண்டும்.

செல்ஃபைப் பிரித்தால் கான்டாக்ட், பிரஷ் என்று எது போயிருந்தாலும் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆர்மேச்சரில் கம்யூட்டேட்டர் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் முழு செல்ஃப் மாற்றவும் எனக்குத் தடையில்லை, ஆனால் அதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். மூவாயிரம் ரூபாய் வரைக்கும் என்னைக் கேட்கவே வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேட்டரியை லோடு டெஸ்ட் போட்டுப் பார்க்காமல் மாற்ற வேண்டாம். கழற்றிய சாமான்களை எடுத்து வையுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் அம்மாதான். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு இந்த வண்டியில்தான் போய் வருகிறார். திரும்பும்போது நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. நான் வேலையில் இருக்கும் நாளில் வீட்டுக்காரம்மாதான் ஓட்டுகிறார், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ‘டக்’ என்று நின்றால் அவர் யாரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார்? போன செவ்வாய் அப்படித்தான் ஆட்டோ பிடித்து வந்தார்கள். ‘இப்போதைக்கு எடுக்கிறது’ என்ற அளவில் முடிந்துவிடக் கூடாது அண்ணே, காரணம் தெரிந்து சரியாக வேண்டும்.

அடுத்த முறை போக வேண்டியது வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு. புதன்கிழமை வண்டியை விட்டால் வியாழன் இரவுக்குள் முடியுமா? முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்கிறேன், நீங்கள் அவசரப்பட வேண்டாம். டேப்பட் கவர் பேக்கிங்கும் செல்ஃப் கான்டாக்ட் செட்டும் கைவசம் இல்லையென்றால் சொல்லுங்கள், நாளைக்கே வாங்கி வந்துவிடுகிறேன். புதன் காலை எத்தனை மணிக்கு லிஃப்ட் காலியாக இருக்கும்? அந்த நேரத்துக்குச் சூட்டோடு வந்து நிற்கும்படி, கொஞ்சம் சுற்றுவழியாக ஓட்டிக்கொண்டு வருகிறேன்.