வைட்ஃபீல்டு தளம்: டிராயிங் ரிவிஷன் பதிவேடும் டிரான்ஸ்மிட்டல் முறையும்

நடைமுறைக்கு வரும் நாள்: 02.06.2025
பெறுவோர்: ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எம்இபி, ஃபயர், லேண்ட்ஸ்கேப் கன்சல்டன்ட்கள், மெயின் கான்ட்ராக்டர், சைட் இன்ஜினியர்கள், ஃபோர்மேன்கள்

மே 9 இரவு இரண்டாம் பேஸ்மென்ட் ரிட்டெய்னிங் சுவருக்கு கான்கிரீட் போட்டோம். மூன்று ஸ்லீவ்கள் 450 மிமீ கீழே உட்கார்ந்துவிட்டன. திருத்திய R2 ஷீட் மே 2 அன்றே மெயிலில் வந்திருந்தது. ஆனால் கம்பி கட்டியவர்களின் கையில் இருந்தது பழைய R1. மண்ணை ஒட்டி நிற்கும் சுவரில் கோர் கட்டிங் செய்து, வாட்டர்ப்ரூஃபிங்கைத் திரும்பத் தொட வேண்டியதாயிற்று. அந்த ஆட்கள் கையில் இருந்த ஷீட்டைப் பார்த்துச் சரியாகவே வேலை செய்தார்கள். தவறு ஷீட்டைக் கொண்டு சேர்த்த நம் முறையில் இருந்தது. இந்த ஆவணம் தமிழிலும் வருவதற்குக் காரணம் அதுதான்: கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஃபோர்மேன்கள் இதை நேராகப் படிக்க வேண்டும்.

ரிவிஷன் எண்

ஜிஎஃப்சி ஆகும் முன் A, B, C. ஜிஎஃப்சி ஆனதும் R0, பிறகு R1, R2. எழுத்து போட்ட ஷீட்டை வைத்து ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. ஒரு கோடு மாறினாலும் எண் மாற வேண்டும். அதே எண்ணில் திருத்திய பிடிஎஃப் அனுப்பினால் திருப்பி அனுப்பப்படும். மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடு, பக்கத்தில் முக்கோணத்தில் ரிவிஷன் எண். மேகக்கோடு கடைசித் திருத்தத்துக்கு மட்டும். ரிவிஷன் கட்டத்தில் ‘பொதுத் திருத்தம்’ என்று எழுதினால் ஏற்க மாட்டோம். ‘கிரிட் C-4, ஸ்லீவ் 450 மிமீ மேலே’ என்று எழுதுங்கள்.

ஃபைல் பெயர்: `WF-STR-204-R2.pdf`. பெயரில் `final`, `latest` வேண்டாம்.

பதிவேடு

எல்லா கன்சல்டன்ட்களுக்கும் சேர்த்து ஒரே பதிவேடு. அதைத் திருத்தும் உரிமை டாக்குமென்ட் கன்ட்ரோலருக்கு மட்டுமே.

| ஷீட் | ரிவிஷன் | வந்த தேதி | டிரான்ஸ்மிட்டல் | நிலை | பாதிக்கும் ஷீட்கள் |
|---|---|---|---|---|---|
| WF-STR-204 | R1 | 10.03.2025 | T-061 | ரத்து | – |
| WF-STR-204 | R2 | 02.05.2025 | T-088 | ஜிஎஃப்சி | WF-MEP-117, WF-ARC-032 |
| WF-MEP-117 | R1 | 02.05.2025 | T-089 | ஜிஎஃப்சி | WF-STR-204 |

‘பாதிக்கும் ஷீட்கள்’ என்ற கடைசிப் பத்திதான் இந்தப் பதிவேட்டின் உயிர். ஒருவர் ஷீட் மாறும்போது மற்றவர் ஷீட் பழசாகிவிடுகிறது. அதன் எண் மாறாததால் யாருக்கும் தெரிவதில்லை. திருத்தம் அனுப்பும் கன்சல்டன்ட் அந்தப் பத்தியை நிரப்பியே அனுப்ப வேண்டும். அதில் பெயர் வந்த கன்சல்டன்ட் இரண்டு வேலைநாளில் ‘மாற்றம் இல்லை’ அல்லது ‘புது ரிவிஷன் வரும்’ என்று பதில் தர வேண்டும். பதில் வரும்வரை இரண்டு ஷீட்டும் அந்தப் பகுதிக்கு ‘ஹோல்டு’. ரத்தான வரியை அழிக்க வேண்டாம். ரத்தான ஷீட்டின் எண்ணை வேறு ஷீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டல்

டிரான்ஸ்மிட்டல் இல்லாமல் வரும் டிராயிங் வரவில்லை என்றே கொள்ளப்படும். வாட்ஸ்அப் படமும் அப்படித்தான். அவசரமாக ஸ்கெட்ச் வேண்டுமென்றால் SK எண் போட்டு டிரான்ஸ்மிட்டலோடு அனுப்பலாம். ஏழு நாளில் அது ஷீட்டில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் ஸ்கெட்ச் செல்லாது. டிரான்ஸ்மிட்டலில் ஷீட் எண், ரிவிஷன், பிரதி எண்ணிக்கை, எதற்காக (ஒப்புதலுக்கு, தகவலுக்கு, கட்டுமானத்துக்கு), எந்த ரிவிஷன் ரத்தாகிறது என்பவை இருக்க வேண்டும்.

சைட்டில் ஒரு ஷீட்டுக்கு நான்கு ஏ1 பிரதி, ஒவ்வொன்றிலும் பிரதி எண், நீல முத்திரை. பழைய பிரதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். நனைந்து கிழிந்திருந்தாலும் அந்தத் துண்டைக் கொண்டு வாருங்கள். தொலைந்துவிட்டால் சொல்லுங்கள், யாரையும் திட்ட மாட்டோம், அந்த எண்ணைத் தேடுவோம். திரும்பியதில் ஒரு பிரதி சிவப்பு ‘ரத்து’ முத்திரையோடு கோப்பில், மற்றவை கிழிக்கப்படும். கான்ட்ராக்டரின் சொந்த ஜெராக்ஸ் சைட்டில் கூடாது.

டிராயிங் மாறினால் அதிலிருந்து எடுத்த பிபிஎஸ்ஸும் அன்றே ரத்து. கம்பி யார்டில் ஒட்டியிருக்கும் பிபிஎஸ் தாளைக் கழற்றுவது சைட் இன்ஜினியர் பொறுப்பு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கான்கிரீட்டுக்கு முன்

கான்கிரீட் போர் கார்டில் ஷீட் எண்ணும் ரிவிஷனும் எழுதாமல் ரெடிமிக்ஸ் ஆர்டர் போகாது. லாரித் தடை நேரங்களால் நம் கான்கிரீட் பெரும்பாலும் இரவில்தான், அப்போது டாக்குமென்ட் கன்ட்ரோலர் இருக்க மாட்டார். அதனால் மாலை 5 மணிக்கு அன்றைய பதிவேட்டை அச்சிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டு செக்யூரிட்டி கேபினில் வைப்பார். சைட் இன்ஜினியரும் ஃபோர்மேனும் சேர்ந்து நின்று, கையிலுள்ள ஷீட்டின் ரிவிஷனை அந்தத் தாளோடு ஒப்பிட்டு, இருவரும் கார்டில் கையெழுத்திட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஃபோர்மேனே வேலையை நிறுத்தலாம். லாரி வாசலில் நின்றாலும் சரி, அதற்கான காத்திருப்புச் செலவை அவரிடமோ அவருடைய குழுவிடமோ யாரும் கேட்கக் கூடாது.