எங்கள் தளத்தின் உள்ளிணைப்பு அமைப்பு: எந்தப் பக்கம் எதோடு சேர வேண்டும்

தளத்தில் பக்கம் போடுகிற தங்கச்சிமாருக்கும், ஓடர் எடுக்கிற அக்காவுக்கும்.

போன கிழமை வவுனியாவில் கன்டீன் நடத்துகிற ஒரு அம்மா எங்கள் முள்ளியவளை நிலையத்துக்குப் போன் எடுத்தா. யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கைத் தட்டி எங்கள் புழுக்கொடியல் பக்கத்துக்கு வந்திருக்கிறா. படம் வடிவாக இருக்கிறது, விலையைத்தான் காணவில்லை என்றா. அவ போனை வைத்த பிறகு நானே அந்தப் பக்கத்தில் இருந்து தேடிப் பார்த்தேன். முகப்பு, எங்களைப் பற்றி, செய்திகள், செய்திகளின் மூன்றாம் பக்கம், பிறகு ஒரு பிடிஎஃப். ஐந்து கிளிக். வாங்க வந்த ஒருவரை இவ்வளவு தூரம் நடக்க விட்டது எனக்கு மனவருத்தமாக இருந்தது. அதனால்தான் 38 பக்கங்களையும் தாளில் எழுதி, கோடு போட்டு, கீழே உள்ளபடி மாற்றி அடுக்கியிருக்கிறேன்.

எங்களுக்கு முக்கியமான பக்கங்கள் மூன்று: விலை, ஓடர், அனுப்பும் கட்டணம். விலையும் ஓடரும் எந்தப் பக்கத்தில் நின்றாலும் ஒரே தட்டில் வரவேண்டும். அனுப்பும் கட்டணப் பக்கம், பொருள் வாங்குகிற வழியில் உள்ள எல்லாப் பக்கத்திலும் இருந்து ஒரு தட்டு, மற்ற இடங்களில் இருந்து இரண்டு. பொருட்களும் கட்டுரைகளும் முகப்பில் இருந்து இரண்டு தட்டுக்குள். மூன்றாவது தட்டு தேவைப்படுகிற பக்கம் ஒன்றும் இருக்கக் கூடாது.

```
/                  முகப்பு
/vilai/            இன்றைய விலை
/order/            ஓடர்
/anuppu/           அனுப்பும் கட்டணம்
/thodarbu/         தொடர்பு
/porul/            பொருட்கள்
  /porul/arisi/    அரிசி (4 பொருள்)
  /porul/panai/    பனை (5)
  /porul/kaadu/    தேன், பாலைப்பழம் (3)
  /porul/maa/      மா வகை (3)
/kathai/           ஊரும் ஆட்களும் (12 கட்டுரை)
```

முகவரியில் மூன்று படி தெரிகிறதே என்று யோசிக்க வேண்டாம். முகவரியின் நீளம் வேறு, கிளிக்கின் எண்ணிக்கை வேறு. /porul/panai/puzhukkodiyal/ என்று நீளமாக இருந்தாலும், முகப்பிலேயே அதற்கு லிங்க் இருந்தால் அது ஒரு கிளிக் தூரம்தான். கூகிளும் பக்கங்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் லிங்க் வழியாகவே. சைற்மேப் கொடுத்திருக்கிறோம்தான். ஆனால் எந்தப் பக்கத்தை நாங்களே பெரிதாக நினைக்கிறோம் என்பதைக் காட்டுவது உள்ளே இருக்கிற லிங்க்குகள்தான். பழைய விலைப்பட்டியலுக்கு மொத்தத் தளத்திலும் ஒரே ஒரு லிங்க் இருந்தது.

இனி மெனு. கணினியில் பொருட்கள், விலை, ஓடர், தொடர்பு, ஊர்க் கட்டுரைகள் என்று ஐந்து சொல்லும் மேலே வரிசையாகத் தெரியும், பிரச்சினை இல்லை. போனில் அது மூன்று கோட்டுக்குள் ஒளிந்துவிடும். அந்த மூன்று கோட்டைத் தட்டுவதும் ஒரு தட்டு. இதை நாங்கள் இதுவரை கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே போனில் திரையின் அடியில் ஒரு பட்டை எப்போதும் நிற்கும்: பொருட்கள், விலை, ஓடர். தொடர்பும் ஊர்க் கட்டுரைகளும் மூன்று கோட்டுக்குள் இருக்கட்டும். அனுப்பும் கட்டணத்துக்கு விலை, ஓடர், ஒவ்வொரு பொருள் பக்கம் எல்லாவற்றிலும் வரிக்குள்ளேயே லிங்க் வரும். அதைக் கேட்கிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். முகப்பின் அடியிலும் அதே லிங்க் ஒன்று.

முகப்பில் நான்கு வகைக்கும் நான்கு படம், கீழே அதிகம் விற்கிற மூன்று பொருள், அண்மைக் கட்டுரை ஒன்று, எல்லாக் கட்டுரைக்கும் போகிற லிங்க் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் முகப்பில் கொட்டினால் ஒரு கிளிக்தான், ஆனால் 38 லிங்க்குக்குள் தேடுகிறவர் களைத்துப் போவார்.

/porul/ பக்கத்தில் வகைத் தலைப்பின் கீழ் 15 பொருளின் பெயரும் நேரே இருக்க வேண்டும். அப்போது எந்தப் பக்கத்தில் இருந்தும் அடிப்பட்டையைத் தட்டி, பெயரைத் தட்டினால் பொருள் வந்துவிடும். இரண்டே தட்டு. பொருட்கள் நாற்பது ஆனாலும் இந்த அமைப்பு தாங்கும்.

பொருள் பக்கத்தில்தான் கூடக் கவனம் வேண்டும். வட்ஸ்அப்பில் இருந்தும் பேஸ்புக்கில் இருந்தும் வருகிறவர்கள் முகப்பைப் பார்ப்பதே இல்லை, நேரே உள்ளே இறங்குகிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடங்களில் ஒவ்வொரு தட்டும் ஒரு காத்திருப்பு. புழுக்கொடியல் பக்கத்தை மாதிரிக்கு எழுதிவிட்டேன். மேலே வழிகாட்டும் வரி இப்படி:

```html
<nav>
  <a href="/">முகப்பு</a> ›
  <a href="/porul/">பொருட்கள்</a> ›
  <a href="/porul/panai/">பனை</a> ›
  புழுக்கொடியல்
</nav>
```

அப்புறம் படத்தின் கீழே "புழுக்கொடியல் இன்றைய விலை", பக்கத்திலேயே "புழுக்கொடியல் ஓடர் செய்ய". விவரம் எழுதுகிற பந்திக்குள் ஒடியல் மாவுக்கு ஒரு லிங்க், பனங்கட்டிக்கு ஒரு லிங்க். கடைசியில் பனங்கிழங்கு அவித்துக் காயவைப்பது பற்றிய கட்டுரைக்கு ஒன்று. லிங்க்கின் சொல்லிலேயே போகிற இடம் தெரியவேண்டும். "இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதியிருந்த பதினொரு இடத்தையும் திருத்துகிறேன். இனி அப்படி எழுதாதீர்கள். ஓடர் பட்டனை `onclick` வைத்துச் செய்யவும் வேண்டாம். `<a href>` இல்லாவிட்டால் கூகிள் அதை லிங்க்காக எடுக்காது.

கட்டுரைகள் பன்னிரண்டும் ஒரே பட்டியலாக /kathai/ பக்கத்தில் இருக்கும். "அடுத்த பக்கம், அடுத்த பக்கம்" வேண்டாம், பழையது ஒவ்வொரு மாதமும் ஒரு கிளிக் ஆழத்துக்குப் புதைவது அப்படித்தான். முப்பதைத் தாண்டினால் வயல், பனை, கோயில் என்று தலைப்புவாரியாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டுரையின் நடுவிலும் ஏதாவது ஒரு பொருளுக்கு லிங்க் இருக்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கட்டுரையைத்தான் ஆட்கள் அதிகம் பார்க்கிறார்கள். அதில் பச்சரிசியைப் பற்றி இரண்டு பந்தி இருக்கிறது, எங்கள் மொட்டைக்கறுப்பன் பக்கத்துக்கு ஒரு லிங்க் இல்லை. பொங்க அரிசி தேடி வந்தவர் வாசித்துவிட்டுப் போயிருப்பார்.

ஒரு லிங்க்கும் இல்லாமல் தனியே கிடந்தவை நான்கு: குரக்கன் மா, சிறிய தேன் போத்தல், ஆட்டக்காரி அரிசி, பாலைப்பழம். நான்கையும் வகைப் பக்கங்களில் சேர்த்துவிட்டேன். பாலைப்பழம் பருவம் முடிந்தாலும் பக்கத்தை அழிக்காதீர்கள். "அடுத்த பருவத்தில் வரும்" என்று எழுதி, தேன் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். முகப்பில் இருந்து மட்டும் எடுத்தால் போதும்.

விலைக்கு இனிமேல் ஒரே முகவரி, /vilai/. மாதா மாதம் புதிய பிடிஎஃப் ஏற்ற வேண்டாம் அக்கா, அதே பக்கத்தில் எண்ணை மாற்றி, மேலே திகதியைப் போடுங்கள். கொழும்பில் இருக்கிற கடைக்காரர் போன வருடம் சேமித்து வைத்த லிங்க்கிலும் இன்றைய விலைதான் தெரியும்.

புதிய பக்கம் போடுகிறவர் வெளியிட்ட அன்றே, பழைய பக்கங்கள் குறைந்தது இரண்டில் இருந்து அதற்கு லிங்க் கொடுக்க வேண்டும். ஒன்று வகைப் பக்கம், மற்றது பொருத்தமான பொருளோ கட்டுரையோ. மாதத்தில் ஒருமுறை நான் தளத்தின் லிங்க்குகளைத் தொடர்ந்து போய்ப் பார்க்கிற Screaming Frog மென்பொருளை ஓட்டி, முகப்பில் இருந்து எத்தனை கிளிக் என்று காட்டுகிற `Crawl Depth` என்ற நிரலில் 2க்கு மேல் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பேன். 500 முகவரி வரை அது இலவசம், எங்களுக்குத் தாராளம். போனில் பார்ப்பது உங்கள் வேலை: ஏதாவது ஒரு பொருள் பக்கத்தில் தொடங்கி, விலைக்கும் ஓடருக்கும் எத்தனை தட்டு என்று எண்ணி எனக்கு அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் அரிசிப் பக்கங்கள் நான்கையும் புழுக்கொடியல் மாதிரியைப் பார்த்து மாற்றிவிடுங்கள். பழைய பிடிஎஃப் முகவரிகளை /vilai/ பக்கத்துக்கு 301 கொடுத்துத் திருப்புகிற வேலையைச் சனி இரவு நான் செய்கிறேன். அதுவரை அந்தக் கோப்புகளை ஒருவரும் அழிக்க வேண்டாம்.