வெளி ஆலோசகருக்கான பணி வரையறை: சிறுகுளப் புனரமைப்பு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் எமது கமக்காரர் அமைப்பின் பராமரிப்பிலுள்ள சிறுகுளத்தின் அணைக்கட்டு, துருசு, வான் ஆகியவற்றை நேரில் பரிசோதித்து, நீர் கசியும் இடங்களையும், வாய்க்காலின் கடைசிக் காணிகளுக்குத் தண்ணீர் சென்றடையாததன் காரணத்தையும் கண்டறிவதே ஆலோசகரின் பணியாகும். அக்காணிக்காரரை நேரில் கேளாமல் எழுதப்படும் அறிக்கையை, அது எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும், நாம் ஏற்கமாட்டோம். கட்டுமான மேற்பார்வை இப்பணியில் அடங்காது.

ஆரம்ப அறிக்கை 2026 ஜூலை 15 இலும், அளவைப் படத்துடனான வரைவு அறிக்கை ஆகஸ்ட் 14 இலும், செலவு மதிப்பீட்டை உள்ளடக்கிய இறுதி அறிக்கை, பெரும்போக மழைக்கு முன்னரே திருத்தவேலை தொடங்க வேண்டியிருப்பதால், ஆகஸ்ட் 31 இலும் தமிழில் கையளிக்கப்பட வேண்டும்.

மொத்தக் கட்டணமான 450,000 ரூபாயில், ஆரம்ப அறிக்கை ஏற்கப்பட்டதும் 20 வீதமும், வரைவு அறிக்கை கமக்காரர் பொதுக்கூட்டத்தில் விளக்கப்பட்டதும் 40 வீதமும், இறுதி அறிக்கை ஏற்கப்பட்டதும் மிகுதியும் வழங்கப்படும், முற்பணம் வழங்கப்படமாட்டாது.