பள்ளிக்கூடக் கட்டடத்தை இடிப்பதற்கு எங்கள் ஆட்சேபணை

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
பள்ளிக்கூடத் தெரு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

நாள்: ஜூன் 18

பொருள்: நகராட்சிப் பள்ளியின் 1921ஆம் ஆண்டுக் கட்டடத்தை இடிக்கும் முடிவுக்கு ஆட்சேபணை தெரிவித்தல் - தொடர்பாக.

பார்வை: பள்ளி வாசலில் ஜூன் 3 அன்று ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியின் தெருவோரக் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் கட்டப் போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் 30 நாள்களுக்குள் எழுத்தில் தரலாம் என்றும் அறிவிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கு ஆட்சேபணை இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். புதிய வகுப்பறைகள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சங்கத்தில் உள்ள 140 குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். ஒரு வகுப்பில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து உட்கார வைப்பது எங்களுக்குத் தெரியும். பழைய சுவர் மேல் உள்ள பாசத்தால் பிள்ளைகளின் தலைக்கு ஆபத்தை வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கட்டடம் உண்மையிலேயே நிற்காது என்று முறையாகச் சோதித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அப்படி யாரும் சோதிக்கவில்லை என்பதுதான் எங்கள் குறை.

தகவல் கேட்டுப் பெற்ற ஆய்வறிக்கை ஒரே ஒரு பக்கம். மேலே "பார்வை ஆய்வு" என்று இருக்கிறது. வந்தவர்கள் முக்கால் மணி நேரம் இருந்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். சுவரில் ஒரு துளை போட்டுப் பார்க்கவில்லை; கூரைக்கு மேலே யாரும் ஏறவில்லை. அறிக்கையில் நான்கு காரணங்கள் இருக்கின்றன: விரிசல், ஈரக்கசிவு, பூச்சு உதிர்தல், நூறு வயதைத் தாண்டியது. நான்காவது காரணத்தை விட்டுவிடலாம். வயது ஒரு நோய் அல்ல.

மற்ற மூன்றையும் எங்கள் சங்கத்தில் உள்ள ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு ஓராண்டாகக் கவனித்து வருகிறார். அவர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

அந்தச் சுவர்கள் ஒன்றரை அடி கனமுள்ள செங்கல் சுவர்கள், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுண்ணாம்புச் சாந்து நீராவியை உள்ளே அடைத்து வைக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் நனைந்த ஈரமும் சுவரின் மேற்பரப்பு வழியாகவே உலர்ந்து போய்விடும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த பராமரிப்பு வேலையில் தெருப்பக்கச் சுவருக்குத் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சு அடித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் அடர்ந்த சிமெண்ட் பூச்சு ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. வழி கிடைக்காத ஈரம் இன்னும் உயரே ஏறுகிறது. அது ஏந்தி வரும் உப்பு, நீர் உலரும் இடத்தில் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே தள்ளிப் பெயர்க்கிறது. வந்து பார்த்தால் தெரியும்: தெருப்பக்கத்தில் பூச்சு உதிர்ந்து செங்கல் பொடிவது சிமெண்ட் முடிகிற நான்கடிக் கோட்டுக்குச் சற்று மேலேதான். சிமெண்ட் படாத பின்பக்கச் சுவர் அதே வயது, அதே செங்கல். அதில் ஒரு குறையும் இல்லை. அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

சரி, விரிசல்கள். சென்ற மழைக்காலத்துக்கு முன் ஐந்து விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதி எழுதி வைத்தோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். செலவே இல்லாத பழைய முறை இது. நான்கு கண்ணாடிகள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. அதாவது அந்த நான்கு விரிசல்களும் எப்போதோ விழுந்து, எப்போதோ நின்றுபோனவை. உடைந்தது வடகிழக்கு மூலையில் உள்ள ஒன்றுதான். அந்த மூலையில் கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் பாதியில் உடைந்து, தண்ணீர் முழுவதும் அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டுகிறது. மண் இளகி அந்த மூலை மட்டும் கொஞ்சம் அமிழ்ந்திருக்கிறது. விரிசலும் அதற்கேற்பச் சாய்வாக ஓடுகிறது. குழாயை மாற்றித் தரக் கேட்டு இதே அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொடுத்திருக்கிறோம். நகல்களை இணைத்துள்ளோம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சாதிக்கவும் நாங்கள் வரவில்லை. கூரையைத் தாங்கும் 32 மர உத்திரங்களில் 7 உத்திரங்களின் முனைகள், சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில், உளுத்துப் போயிருப்பதாகத் தட்டிப் பார்த்ததில் தெரிகிறது. அவற்றின் கீழே உள்ள இரண்டு அறைகளைப் பூட்டச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் நாங்களே கேட்டோம், அவரும் பூட்டிவிட்டார். ஆனால் முனை உளுத்த உத்திரத்துக்குப் பரிகாரம் கட்டடத்தை இடிப்பது அல்ல. கெட்ட பகுதியை அறுத்துவிட்டு நல்ல மரத்தை இணைக்கலாம், அல்லது முனைக்கு இரும்புத் தாங்கி கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வளாகத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அது மேற்கே, சுமார் 35 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கான்கிரீட் கட்டடம். காற்றிலுள்ள கரியமில வாயு காலப்போக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைக்கும்போது, உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. அங்கே கூரையிலிருந்து காரை விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. பழைய கட்டடத்தின் சுவர்களில் கம்பியே கிடையாது, அதனால் அந்த நோய் அவற்றுக்கு வர வழியில்லை. இளையது விழப் பார்க்கிறது, அறிவிப்போ மூத்ததன் பெயரில் வந்திருக்கிறது! மேற்குக் கட்டடத்தை நாளையே இடித்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இடத்தையும் பின்னால் சும்மா கிடக்கும் திடலையும் சேர்த்தால் நீங்கள் கேட்கும் 12 வகுப்பறைகளுக்கு இடம் போதும். அளந்து வரைந்த வரைபடம் இணைப்பில் இருக்கிறது. அங்கே கட்டினால் வேலை முடியும்வரை பிள்ளைகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாடகைக் கட்டடத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியமும் இராது.

செலவைப் பற்றி: புதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு போட்டிருக்கிறீர்கள், பழையதைச் செப்பனிட மதிப்பீடு போடவே இல்லை. ஒன்றின் விலையை மட்டும் வைத்துக்கொண்டு எது மலிவு என்று எப்படி முடிவெடுத்தீர்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை. இடிபாட்டை அள்ளும் செலவும் தற்காலிக வாடகையும் கூட அந்த மதிப்பீட்டில் இல்லை.

மரபுக் கட்டடப் பட்டியலில் இது இல்லை, எனவே தடை எதுவும் இல்லை என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. பட்டியலில் இல்லாதது எங்கள் தவறாகவும் இருக்கலாம், யாரும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஊரின் முக்கியக் கட்டடங்களைக் காக்கும் சட்டம் அங்கே 1965இல்தான் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் அவ்வளவு பெரியது இல்லைதான். ஆனால் விண்ணப்பத்துக்கு முடிவு வருவதற்கு முன்பே இடித்துவிட்டால், பிறகு வரும் முடிவை வைத்து என்ன செய்வது?

அந்தக் கட்டடம் எங்களுக்கு என்ன என்பதை அதிகம் சொல்ல விரும்பவில்லை, மனுவில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று தெரியும். ஆனாலும் சில விஷயங்கள். வெள்ளம் வந்த ஆண்டு தாழ்வான இரண்டு தெருக்காரர்களும் நான்கு இரவுகள் அங்கேதான் தங்கினார்கள். மூன்றடி உயர மேடையில் கட்டியிருப்பதால் உள்ளே தண்ணீர் ஏறவில்லை. கூரை 14 அடி உயரத்தில் இருப்பதாலும் இருபக்கமும் தாழ்வாரம் இருப்பதாலும் மின்சாரம் போன மதியங்களில் கூட வகுப்பு நடக்கும். மேற்குக் கட்டடத்தில் நடக்காது. பின் தாழ்வாரத் தூண்களில் மூன்று தலைமுறைப் பெயர்கள் ஆணியால் கீறியிருக்கின்றன. ஒழுக்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறோம். கீறியவர்களில் சிலர் இந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சங்கக் கூட்டத்தில் இந்த முடிவு ஒருமனதாக எடுக்கப்படவில்லை என்பதையும் சொல்வது நியாயம். 96 பேர் ஆதரித்தார்கள், 11 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களின் கவலை, இந்த ஆட்சேபணையால் புதிய வகுப்பறைகள் தள்ளிப்போய்விடுமோ என்பது. அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. அதனால்தான் மாற்று இடத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை இதுதான். இடிப்பு டெண்டரை நிறுத்தி வையுங்கள். பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள, இடிப்பு வேலையிலோ புதுக் கட்டட வேலையிலோ பங்கு இல்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு முழு ஆய்வு செய்யுங்கள். கான்கிரீட்டுக்கான சுத்தியல் சோதனையை இந்தச் சுவரில் அடித்துப் பார்த்து எண் எழுதுவதில் பயனில்லை. செங்கல் சுவர் தாங்கும் சுமையை அறியத் தட்டை ஜாக் சோதனை இருக்கிறது, உத்திரங்களுக்கு நுண்துளைச் சோதனை, ஈரத்துக்கு அளவி, அஸ்திவாரத்துக்கு மூலையில் ஒரு சோதனைக் குழி. ஆய்வு நடக்கும்போது எங்கள் பிரதிநிதி ஒருவரும் பெற்றோர் ஒருவரும் உடன் இருக்க அனுமதியுங்கள். அப்புறம் செப்பனிடும் மதிப்பீட்டையும் புதுக் கட்டட மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். அந்த ஆய்வில் கட்டடம் தேறாது என்று வந்தால் நாங்கள் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவோம். இதைக் கூட்டத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறோம்.

ஆய்வு எப்போது நடந்தாலும் சரி, வடகிழக்கு மூலைக் குழாயை மட்டும் மழை தொடங்குவதற்குள் மாற்றித் தர வேண்டும். அதற்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், செலவைச் சங்கமே ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,

தலைவர், செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இணைப்பு: உறுப்பினர் கையொப்பங்கள் 5 தாள்கள், கூட்டத் தீர்மான நகல், குழாய் தொடர்பான மூன்று மனுக்களின் நகல்கள், விரிசல் கண்காணிப்புப் படங்கள், மாற்று இட வரைபடம், மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தின் நகல்.

நகல்: பள்ளித் தலைமை ஆசிரியர், எங்கள் வார்டு உறுப்பினர்.