காசி யாத்திரைக்கான மருத்துவக் கடிதம்

தக்கலை

அம்மாவுடன் செல்லும் மகனுக்கு,

அம்மாவுக்கு வயது 67. சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு. 2021-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, எந்த டாக்டரிடமும் இதை முதலில் சொல்லுங்கள்.

காலை சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு 1 மி.கி., டெல்மிசார்டன் 40. காலையும் இரவும் சாப்பிட்டதும் மெட்ஃபார்மின் 500. மதியம் ஆஸ்பிரின் 75, இரவு அடோர்வாஸ்டாடின் 40. ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரினை ஒருநாளும் விடக்கூடாது.

அம்மா விரதம் இருப்பார் என்று தெரியும். சாப்பிடாத வேளையில் கிளிமிபிரைடு வேண்டாம். சர்க்கரை குறைந்து, வியர்த்துக் கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

நெஞ்சு வலித்தால் உட்காரவைத்து, சார்பிட்ரேட் 5 மி.கி. மாத்திரை ஒன்று நாக்குக்கு அடியில். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் 108, ரயிலில் 139.

மருந்தெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அங்குள்ள டாக்டர்களுக்கு ஆங்கிலச் சீட்டும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் குடும்ப மருத்துவர்