ஆர்டர் எண் 1187: குத்துவிளக்கு ஜோடி இரண்டு முறை தவறாக வந்தது பற்றி

லெபோ பாசார், ஜார்ஜ்டவுன், பினாங்கு
21 ஆகஸ்ட் 2025

செந்தூலில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் அம்மாவுக்கு,

வணக்கம். கடை முதலாளி நானே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி நீங்கள் கேட்டது மூன்றடி உயர அன்னம் வைத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, ஒரு ஜோடி. 11-ஆம் தேதி உங்கள் கைக்கு வந்தது இரண்டடி விளக்கு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை மட்டும் பார்த்து எங்கள் பையன் கட்டி அனுப்பிவிட்டான். அதைத் திருப்பி அனுப்ப 38 வெள்ளி உங்கள் கையிலிருந்து போயிற்று.

19-ஆம் தேதி வந்ததில் உயரம் சரி, மரைதான் சேரவில்லை. நீங்கள் அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். தண்டு பீடத்தில் இரண்டு சுற்று ஏறி, அதற்கு மேல் சாய்ந்து நிற்கிறது. அது உங்கள் கைப்பிழையே இல்லை. கையால் வார்த்துக் கடைந்த விளக்கில் ஒரு ஜோடியின் தண்டு இன்னொரு ஜோடியின் பீடத்தில் சரியாக உட்காராது. ஸ்டோரில் இரண்டு ஜோடிகளைக் கலந்துவிட்டோம். முதல் தடவையே பிசகிய பிறகு, இரண்டாவதை நானே பூட்டிப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

இதையெல்லாம்விட, போனில் உங்களிடம் "நீங்கள் அழுத்தித் திருகியிருப்பீர்கள்" என்று எங்கள் கடையில் சொன்னார்களே, அதற்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னவரும் உங்களை அழைத்துப் பேசுவார்; நீங்கள் சரியென்றால் மட்டும்.

29-ஆம் தேதி, ஆவணி வெள்ளியில் உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். இனி கூரியரை நம்பப் போவதில்லை. வேறொரு ஜோடியை நேற்றுக் கடையிலேயே பூட்டி, எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வைத்தேன். காலையில் அடியில் விரித்திருந்த பேப்பரில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வரும் சனிக்கிழமை 23-ஆம் தேதி மதியத்துக்குள் எங்கள் வேனில் நானே கொண்டுவந்து, உங்கள் முன்னால் பூட்டித் தருகிறேன். பழையதை நீங்கள் கட்டி வைக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கட்டிய 860 வெள்ளியில் பாதி 430-ம், தபாலுக்குச் செலவான 38-ம் சேர்த்து 468 வெள்ளி அன்றைக்கே உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன்.

எங்கள் விளக்கே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான். முழுப் பணம் 860-ம், அந்த 38-ம் சேர்த்து 898 வெள்ளி நாளைக்கே திரும்பிவிடும். கையிலிருக்கும் ஜோடியை எடுக்க ஆள் வருவார். செந்தூல் பக்கம் வேறு கடையில் பார்க்க உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது.

இதில் எதை ஏற்றாலும், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்க உங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்க மாட்டோம்.

நாளை மாலை 6 மணிக்குள், ஆர்டர் கொடுத்த அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு "விளக்கு" அல்லது "பணம்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். அந்த போன் இப்போது என் கையில்தான் இருக்கிறது.

மன்னிப்புடன்,
கடை உரிமையாளர்