பெட்ரோல் வண்டியா, சிஎன்ஜி வண்டியா: மாதம் 1,800 கி.மீ.க்கு எரிபொருள் செலவு ஒப்பீடு

மாமா, வேகன்ஆர் 1.0 பெட்ரோல் எடுப்பதா, அதிலேயே சிஎன்ஜி எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கை முழுசாகப் போட்டுவிட்டேன். முதலில் அட்டவணையைப் பாருங்கள். எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அக்காவும் ஒருமுறை படிக்கட்டும், டிக்கி விஷயம் அவளுக்குத்தான்.

அட்டவணை 1: இப்போதைய ஓட்டத்துக்கு மாதச் செலவு

| விவரம் | பெட்ரோல் வண்டி | சிஎன்ஜி வண்டி |
|---|---|---|
| மாத ஓட்டம் | 1,800 கி.மீ. | 1,800 கி.மீ. (கேஸில் 1,700, பெட்ரோலில் 100) |
| மைலேஜ் | லிட்டருக்கு 19 கி.மீ. | கிலோவுக்கு 27 கி.மீ.; பெட்ரோலில் ஓடும்போது லிட்டருக்கு 18 கி.மீ. |
| எரிபொருள் விலை | லிட்டர் ரூ.101.50 | கிலோ ரூ.91.50 |
| மாதம் தேவைப்படுவது | 94.7 லிட்டர் | 63 கிலோ கேஸ் + 5.6 லிட்டர் பெட்ரோல் |
| மாதச் செலவு | ரூ.9,616 | ரூ.6,325 |
| ஒரு கி.மீ.க்கு | ரூ.5.34 | ரூ.3.51 |
| வருடச் செலவு | ரூ.1,15,392 | ரூ.75,900 |

மாதம் ரூ.3,291 மிச்சம். ஷோரூமில் கொடுத்த இரண்டு கொட்டேஷனுக்கும் ஆன்ரோடு விலையில் ரூ.98,000 வித்தியாசம். அதை மிச்சத்தால் வகுத்தால் 30 மாதம் வருகிறது. அதாவது, கையில் காசு கொடுத்து எடுத்தால் இரண்டரை வருடத்தில் கூடுதலாகப் போட்ட பணம் திரும்பி வந்துவிடும்.

ஓட்டம்: அவிநாசியிலிருந்து பீளமேட்டில் உங்கள் ஆபீஸ் வாசல் வரை 36 கி.மீ. போக வர 72. மாதம் 22 நாள் என்றால் 1,584. ஞாயிற்றுக்கிழமை திருப்பூர், அம்மா வீடு, கோயில் எல்லாம் சேர்த்து 216 வைத்தேன். கணியூர் டோல் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான், அதனால் இதில் சேர்க்கவில்லை. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எதுவும் இந்த அட்டவணையில் கிடையாது. இது எரிபொருள் கணக்கு மட்டும்.

மைலேஜ்: கம்பெனி சொல்லும் எண் பெட்ரோலுக்கு 24.35, சிஎன்ஜிக்கு 34.05. அது ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு. ஏசி போட்டு, கருமத்தம்பட்டி தாண்டும்வரை விரட்டி, கோவைக்குள் நுழைந்ததும் ஊர்ந்து போகிற ஓட்டத்துக்கு அது வராது. அதனால் இதே ரோட்டில் இதே வண்டியை ஓட்டுகிறவர்களிடம் பில்லும் ரீடிங்கும் வாங்கினேன். பெட்ரோல் வண்டியில் ஆட்டோ கட் ஆகும்வரை டேங்க் நிரப்பியபோது ரீடிங் 18,412. அடுத்தமுறை அதே பங்க்கில், அதே பம்ப்பில் நிரப்பியபோது 18,863. ஓடியது 451 கி.மீ., உள்ளே போனது 23.7 லிட்டர். வகுத்தால் 19. சிஎன்ஜி வண்டியில் 9,206-லிருந்து 9,395 வரை 189 கி.மீ., ஏறிய கேஸ் 7 கிலோ. வகுத்தால் 27. டேஷ்போர்டில் காட்டும் சராசரியை நான் எடுத்துக்கொள்ளவில்லை, பில்லில் இருப்பதைத்தான் நம்பினேன்.

கிலோவுக்கு 27 என்பது லிட்டருக்கு 19-ஐ விட நல்ல மைலேஜ் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிலோ கேஸில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. எஞ்சின் அதே எஞ்சின்தான். கிலோவையும் லிட்டரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு கி.மீ.க்கு எத்தனை ரூபாய் என்ற வரிசையை மட்டும் ஒப்பிடுங்கள்.

சிஎன்ஜி வண்டியில் ஏன் பெட்ரோல் செலவு? வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். கேஸ் தீர்ந்து அடுத்த பங்க் வரும்வரையும் பெட்ரோலில்தான் ஓட வேண்டும். மாதம் 100 கி.மீ. அப்படிப் போகும் என்று வைத்தேன். விற்கிறவர்கள் போடும் கணக்கில் இது இருக்காது. மாதம் ரூ.564 ஆகிறது, சின்னத் தொகை இல்லை. சிலிண்டர் எடையால் அந்த வண்டி பெட்ரோலில் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும், அதற்காகத்தான் 18.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் கையில் காசு கொடுத்து எடுக்கப்போவதில்லை, லோன் போடுகிறீர்கள். கூடுதல் ரூ.98,000-மும் லோனில்தான் சேரும். 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் அதற்கு மட்டும் மாதத் தவணை ரூ.2,058. இப்போதைய ஓட்டத்தில் கேஸால் மிச்சமாவது ரூ.3,291. தவணை போக ரூ.1,233 முதல் மாதத்திலிருந்தே கையில் நிற்கும். ஆனால் ஓட்டம் குறைந்தால் மிச்சம் குறையும், தவணை குறையாது.

அட்டவணை 2: ஓட்டம் மாறினால்

| மாத ஓட்டம் | பெட்ரோல் வண்டி | சிஎன்ஜி வண்டி | மிச்சம் | தவணை ரூ.2,058 போக | ரூ.98,000 திரும்ப |
|---|---|---|---|---|---|
| 600 கி.மீ. | ரூ.3,205 | ரூ.2,258 | ரூ.947 | ரூ.1,111 குறைகிறது | 103 மாதம் |
| 1,000 கி.மீ. | ரூ.5,342 | ரூ.3,614 | ரூ.1,728 | ரூ.330 குறைகிறது | 57 மாதம் |
| 1,400 கி.மீ. | ரூ.7,479 | ரூ.4,969 | ரூ.2,510 | ரூ.452 மிச்சம் | 39 மாதம் |
| 1,800 கி.மீ. | ரூ.9,616 | ரூ.6,325 | ரூ.3,291 | ரூ.1,233 மிச்சம் | 30 மாதம் |
| 2,400 கி.மீ. | ரூ.12,821 | ரூ.8,358 | ரூ.4,463 | ரூ.2,405 மிச்சம் | 22 மாதம் |

(‘ரூ.98,000 திரும்ப’ என்ற கட்டங்களில் வட்டி சேரவில்லை.)

தவணையும் மிச்சமும் சமமாகிற இடம் மாதம் சுமார் 1,170 கி.மீ. அதற்கு மேல் ஓடினால் சிஎன்ஜி, கீழே என்றால் பெட்ரோல். உங்கள் ஆபீஸில் வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்று பேச்சு இருப்பதாக அக்கா சொன்னாள். அப்படி ஆனால் மாதம் 13 நாள்தான் பீளமேடு. 936-ம் 216-ம் சேர்ந்து 1,152 கி.மீ. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிடுகிறது. அப்போது மாதம் மிச்சம் ரூ.2,025, தவணை ரூ.2,058. டிக்கியையும் விட்டுக்கொடுத்து, கேஸுக்கு வரிசையிலும் நின்று, ஒன்றும் கிடைக்காது. ஆகவே புக்கிங் பணம் கட்டும் முன் ஆபீஸில் அதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். பெட்ரோல் விலையைவிட, மைலேஜைவிட, இந்த ஒரு பதில்தான் எந்த வண்டி என்பதை முடிவு செய்யும்.

விலையும் மைலேஜும் மாறினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். ஓட்டம் 1,800 என்றே வைத்திருக்கிறேன்.

அட்டவணை 3: நிலைமை சாதகமாக இல்லாவிட்டால்

| எது மாறுகிறது | பெட்ரோல் வண்டி | சிஎன்ஜி வண்டி | மாத மிச்சம் | ரூ.98,000 திரும்ப |
|---|---|---|---|---|
| கேஸில் 27-க்குப் பதில் 24 கி.மீ. | ரூ.9,616 | ரூ.7,045 | ரூ.2,571 | 38 மாதம் |
| கேஸ் விலை கிலோவுக்கு ரூ.10 கூடினால் | ரூ.9,616 | ரூ.6,955 | ரூ.2,661 | 37 மாதம் |
| பெட்ரோல் லிட்டருக்கு ரூ.5 குறைந்தால் | ரூ.9,142 | ரூ.6,297 | ரூ.2,845 | 34 மாதம் |
| மூன்றும் சேர்ந்து வந்தால் | ரூ.9,142 | ரூ.7,726 | ரூ.1,416 | 69 மாதம் |

தனித்தனியாக எது வந்தாலும் மிச்சம் தவணையைத் தாண்டியே நிற்கிறது. கேஸ் மைலேஜ் குறைவதும் கேஸ் விலை கூடுவதும் ஒன்றாக வந்தாலோ, மூன்றும் ஒன்றாக வந்தாலோதான் தவணைக்குக் கீழே இறங்குகிறது. தினமும் பீளமேடு போகிறவரை இந்த ஆபத்தைத் தாராளமாக எடுக்கலாம் என்பது என் எண்ணம். கம்பெனி சொல்லும் மைலேஜையே, கேஸ் வண்டி முழுக்க கேஸில்தான் ஓடும் என்று வைத்துப் போட்டால்கூட மிச்சம் ரூ.2,666-தான் வருகிறது. நிஜ ரோட்டில் இரண்டு வண்டியும் அதிகம் குடிக்கும், அதனால்தான் மிச்சமும் அதிகமாகத் தெரிகிறது. எனவே நீங்கள் நிதானமாக ஓட்டுகிறவர் என்றால் ரூ.3,291 முழுசாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அட்டவணையில் அடங்காத சில செலவுகள் உண்டு. சிலிண்டரின் கொள்ளளவு 60 லிட்டர் என்பார்கள். அது தண்ணீர் அளவு. கேஸ் சுமார் 8 கிலோ ஏறும். 8 கிலோவுக்கு 216 கி.மீ., ஆக மூன்று நாளைக்கு ஒருமுறை பங்க்குக்குப் போயாக வேண்டும். பிரஷர் குறைவாக இருக்கும் நேரத்தில் அந்த 8 கிலோவும் ஏறாது. காலையில் ஆபீஸ் அவசரத்தில் நிற்பதைவிட இரவு திரும்பும்போது நிரப்புவதுதான் உங்களுக்கு ஒத்துவரும். வாங்கும் முன் ஒரு வேலை நாளில் நீலம்பூர்ப் பக்கம் கேஸ் பங்க்கில் எத்தனை வண்டி நிற்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று போகிறபோக்கில் பார்த்து வையுங்கள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் செய்து சான்று வாங்க வேண்டும். அதற்கு ரூ.3,000 ஒதுக்கினால் மாதம் ரூ.83. முடிவை மாற்றாது, ஆனால் தேதியை மறக்கக் கூடாது.

அக்காவுக்கு: டிக்கியில் பெரும்பகுதி சிலிண்டருக்குப் போய்விடும். ஞாயிறுதோறும் தையல் மூட்டைகளைத் திருப்பூருக்கு எடுத்துப் போவாயே, அதில் இரண்டு பெரிய மூட்டை பின்சீட்டில்தான் வைக்க வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போனால் இடம் பத்தாது. ஆட்டோவில் அனுப்பினால் மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுச் சொல், அதையும் மிச்சத்திலிருந்து கழித்துவிடலாம்.

விலை மாறும்போது நீங்களே போட்டுப் பார்க்க ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். B1 மாத ஓட்டம், B2 பெட்ரோல் மைலேஜ், B3 பெட்ரோல் விலை, B4 கேஸ் மைலேஜ், B5 கேஸ் விலை, B6 கேஸ் வண்டி பெட்ரோலில் ஓடும் தூரம், B7 அப்போது அதன் மைலேஜ், B8 இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம். அடுத்த நான்கு கட்டத்திலும் வரிசையாக இவை:

```
B9:  =B1/B2*B3
B10: =(B1-B6)/B4*B5+B6/B7*B3
B11: =B9-B10
B12: =B8/B11
```

B9 பெட்ரோல் வண்டிச் செலவு, B10 சிஎன்ஜி வண்டிச் செலவு, B11 மிச்சம், B12 எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்பது. ஆபீஸில் பதில் வந்ததும் B1-இல் மட்டும் மாற்றுங்கள். B11-இல் 2,058-க்குக் குறைவாக வந்தால் பெட்ரோல் வண்டியையே புக் செய்துவிடுங்கள், மாமா.